மெழுகுவத்தித் திரி மெழுகை மேலே இழுப்பது எப்படி? சில மெழுகுவத்திகள் ஏன் பாதியில் அணைகின்றன?

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, கடலூர் மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும் இருட்டுதான். இன்வெர்ட்டர் இறங்கிப்போன வீடுகளில் கடைசியில் கைகொடுப்பது மெழுகுவத்தி. அதிலும் ஒன்று போல் இன்னொன்று எரிவதில்லை. ஒன்று மணிக்கணக்கில் ஆடாமல் நிற்கும். மழையில் நனைந்தது படபடவென்று பொரியும். பழைய மெழுகை உருக்கிக் கண்ணாடிக் குவளையில் வீட்டிலேயே ஊற்றியது, அரை மணியில் மிளகளவு சுருங்கி அணைந்துபோகும்.

"மெழுகில் கலப்படம்" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை திரியில் நடப்பவை. திரி என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் எது ஏன் அணைகிறது என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

## முதலில், எரிவது எது?

திரி எரிகிறது, அதைச் சுற்றி மெழுகு உருகுகிறது என்றுதான் பலர் நினைக்கிறோம். திரி மட்டும்தான் எரிகிறது என்றால் அந்த நூல் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. உருகிய மெழுகும் அப்படியே எரிவதில்லை. உருகிக் கிடக்கும் மெழுகில் ஒரு தீக்குச்சியை நுழைத்தால் குச்சிதான் அணையும். எரிவது மெழுகின் ஆவி.

இதைக் கண்ணால் பார்க்கலாம். நன்றாக எரியும் மெழுகுவத்தியை ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகைக்கோடு எழும். அது கரிப்புகை இல்லை. மெழுகு ஆவி குளிர்ந்து நுண்துளிகளாக மாறியது. அந்தக் கோட்டில், திரியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், எரியும் தீக்குச்சியைக் காட்டினால் தீ கோட்டின் வழியே கீழே தாவித் திரியில் உட்கார்ந்துகொள்ளும். குச்சி திரியைத் தொடவே வேண்டாம்.

ஆக, மெழுகு மூன்று நிலைகளைக் கடக்கிறது:

1. சுடரின் சூட்டில் திரியைச் சுற்றியுள்ள மெழுகு உருகி ஒரு சின்னக் குளமாகத் தேங்குகிறது. கடையில் கிடைக்கும் பாரஃபின் மெழுகு ஏறக்குறைய 55 முதல் 60 டிகிரி செல்சியஸில் உருகும்.
2. அந்தக் குளத்திலிருந்து உருகிய மெழுகு திரி வழியாக மேலே ஏறுகிறது.
3. திரியின் மேல்பகுதியில் சில நூறு டிகிரி சூட்டில் ஆவியாகி, வெளிக்காற்றோடு கலந்து எரிகிறது. அந்தச் சூட்டில் ஒரு சிறு பங்கு திரும்பக் கீழே வந்து அடுத்த மெழுகை உருக்குகிறது.

ஒன்றும் மூன்றும் சூடு செய்கிற வேலை. இரண்டாவது படியில் மட்டும் சூடு நேராக எதையும் தூக்குவதில்லை. அங்கே வேறு ஒரு விசை இருக்கிறது.

## ஓதம் ஏறும் சுவர்

வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுச் சுவரைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தண்ணீர் முழங்கால் அளவு நின்றிருந்தால் ஈரம் அதற்கும் மேலே ஏறியிருக்கும். ஓதம் ஏறிவிட்டது என்போம். யாரும் தண்ணீரைத் தூக்கி விடவில்லை. செங்கல்லுக்குள் இருக்கும் மயிரிழை போன்ற துளைகள் வழியே அதுவாகவே ஏறியது. வேட்டி நுனி ஈரத்தில் பட்டால் கரை வரைக்கும் நனைவதும் இதேதான். பள்ளிப் பாடத்தில் இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். நுண்புழை என்றால் மிகக் குறுகலான குழாய்.

இரண்டு இழுப்புகள் சேர்ந்து இதைச் செய்கின்றன. உருகிய மெழுகுக்குப் பஞ்சு நூலோடு ஒட்டிக்கொள்ளும் விருப்பம் அதிகம். நூலின் பக்கவாட்டில் பட்டதும் அதன் மேல் படர்ந்து ஏறும். மெழுகின் மேற்பரப்போ இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் போன்றது. தன் பரப்பைச் சுருக்கப் பார்க்கும். இதுதான் பரப்பு இழுவிசை. ஓரம் நூலைப் பிடித்து ஏற, நடுவில் இருக்கும் மெழுகை அந்தத் தோல் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போகிறது. ஏறிய மெழுகின் எடை இழுப்புக்குச் சமமாகும் இடத்தில் ஏற்றம் நின்றுவிடும்.

புழை குறுகக் குறுக ஏற்றம் கூடும். அகலம் பாதியானால் உயரம் இரண்டு மடங்கு. உருகிய பாரஃபினை 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் விட்டால் ஒன்றேகால் சென்டிமீட்டர் போல ஏறும். திரியின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அதைவிடப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி 13 சென்டிமீட்டர் வரை ஏற முடியும்.

ஆனால் எரிகிற மெழுகுவத்தியில், குளத்தின் மட்டத்துக்கு மேலே நிற்கும் திரி ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. தூக்கும் பலத்துக்குப் பஞ்சமே இல்லை. அப்படியானால் திரியை நான்கு விரல் நீளம் விட்டாலும் நன்றாக எரிய வேண்டுமே? எரியாது. எவ்வளவு உயரம் ஏற முடியும் என்பது ஒரு கேள்வி, நிமிடத்துக்கு எவ்வளவு வந்து சேரும் என்பது இன்னொரு கேள்வி. சுடருக்கு முக்கியம் இரண்டாவது.

## நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு

இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள சாதாரண வெள்ளை மெழுகுவத்தி ஒரு மணி நேரத்தில் சுமார் 6 கிராம் மெழுகைத் தின்னும். நிமிடத்துக்கு 0.1 கிராம், சொட்டுக் கணக்கில் சொன்னால் இரண்டு மூன்று சொட்டு. இவ்வளவு கொஞ்சமா என்று தோன்றும். ஆனால் ஒரு கிராம் மெழுகு எரிந்தால் ஏறக்குறைய 42 கிலோஜூல் வெப்பம் கிடைக்கும். அந்தக் கணக்கில் இந்தச் சின்னச் சுடர் 70 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றுக்குச் சமம். வெளிச்சமாக வருவது அதில் மிகச் சொற்பம், மீதி எல்லாம் சூடு.

இந்த இரண்டு மூன்று சொட்டு விடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். புழைகளுக்குள் மெழுகு உரசிக்கொண்டு நகர்வதால் தடை உண்டு. வழி இரண்டு மடங்கு நீண்டால், அதே இழுப்பில் வந்து சேரும் அளவு ஏறக்குறைய பாதியாகும். மெழுகு கெட்டியாக இருந்தாலும் அப்படித்தான். உருகிய பாரஃபின் நன்றாகச் சூடேறியதும் தண்ணீரைவிடச் சில மடங்கு மட்டுமே கெட்டி. அறை வெப்பத்தில் இருக்கும் நல்லெண்ணெய் பல பத்து மடங்கு கெட்டி. அகல் விளக்கில் திரியின் எரியும் முனை எண்ணெய்க்குப் பக்கத்திலேயே, விளிம்பை ஒட்டி இருப்பதன் காரணம் இதுதான். எண்ணெயால் அந்த வேகத்தில் தூரமாக ஏறி வர முடியாது.

## திரி ஏன் நிரம்பி வழிவதில்லை?

இங்கேதான் நுண்புழை ஏற்றம் ஒரு சாதாரணப் பம்பிலிருந்து வேறுபடுகிறது. பம்பைப் போட்டுவிட்டால் தேவை இருக்கிறதோ இல்லையோ தண்ணீர் கொட்டும். திரி அப்படிக் கொட்டாது. மெழுகு திரியின் மேல்முனை வரை ஏறியதும், எந்தத் தோல் அதை இழுத்து வந்ததோ அதே தோல் அங்கே மூடிபோல் பிடித்து நிறுத்திவிடும். மேலே ஒரு துளி ஆவியாகிப் போனால் அந்த இடத்தில் பரப்பு உள்வாங்கும். உள்வாங்கிய பரப்பு கீழிருந்து ஒரு துளியை இழுக்கும். போன அளவுக்குத்தான் வரும்.

சுடர் நிலையாக நிற்பதில் முதல் பாதி இந்த ஏற்பாடு. சுடர் கொஞ்சம் பெரிதானால் அதிகம் ஆவியாகும், திரியும் அதிகம் இழுக்கும். ஆனால் திரியின் தடை ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் கேட்டால் திரியின் உச்சி காய ஆரம்பிக்கும், ஆவி குறையும், சுடர் அடங்கும். சுடர் சிறுத்தால் ஆவியாவது குறைந்து திரி முனை வரை நனையும், சுடர் மறுபடி பிடித்துக்கொள்ளும். அரிக்கேன் விளக்கில் நாம் சாவியைத் திருகித் திரியை ஏற்றி இறக்கிச் செய்கிற வேலை, இங்கே யாரும் தொடாமலே நடக்கிறது.

மெழுகில் ஊறிய திரி சுடருக்குள் இருந்தும் எரிந்துபோகாததற்கும் இதுவே காரணம். ஆவியாகும் மெழுகு சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் நனைந்த நூல் அளவுக்கு மேல் சூடேறாது. சுடரின் உள்பக்கம் ஆக்சிஜனும் கிடையாது. நூல் கருகும், ஆனால் சாம்பலாகாது.

## தானே நுனியை வெட்டிக்கொள்ளும் திரி

இதில் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. மெழுகு எரிந்து குளத்தின் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். திரி எரியாமல் அப்படியே நின்றால் வெளியே நிற்கும் நீளம் கூடிக்கொண்டே போகும். நீளம் கூடினால் ஆவியாகும் பரப்பு கூடும். வருகிற ஆவி முழுவதையும் எரிக்கக் காற்று போதாமல், எரியாத கரி புகையாக மேலே போகும். சுவரில் கறுப்பு படிவது அப்போதுதான்.

முறுக்கிய பஞ்சுத் திரி போட்ட பழைய மெழுகுவத்திகளில் இது தீராத தொல்லை. திரி நேராக நிற்கும், நுனியில் கரி சேரும், பக்கத்தில் ஆள் இருந்து கத்தரிக்கோலால் அடிக்கடி வெட்டிவிட வேண்டும். நம் விளக்குக்குத் திரியைத் தூண்டிவிடுவது போல அது ஒரு தனி வேலை. 1825-இல் பிரான்சில் கம்பாசெரெஸ் என்பவர் நூலை முறுக்குவதை விட்டு, சடைபோல் பின்னினார். பின்னிய திரி எரியும்போது ஒரு பக்கம் வளையும். வளைந்த நுனி சுடரின் உள்ளிருந்து அதன் வெளிவிளிம்புக்கு வந்துவிடும். அங்கேதான் காற்று படுகிறது, சூடும் அங்கேதான் உச்சம். ஏறக்குறைய 1400 டிகிரி. நுனி அங்கே சிவந்து சாம்பலாகி உதிர்கிறது. மட்டம் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு நுனி எரிந்து போகிறது.

இன்று ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவைத்து அருகில் உட்கார்ந்து பாருங்கள். திரி கேள்விக்குறிபோல் வளைந்திருக்கும்; அதன் நுனியில் மட்டும் ஒரு செம்புள்ளி, சுடரின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு. என்னைக் கேட்டால் இந்தப் பொருளில் இருக்கும் ஆகச் சிறந்த யோசனை அந்தச் செம்புள்ளிதான். தூண்டாமணி விளக்கு என்று நம் ஊரில் ஒன்று உண்டு. அதில் எண்ணெய் தானாக இறங்கி வரும். இதில் திரி தானாகக் குறைகிறது.

## குவளை மெழுகுவத்தி ஏன் அணைந்தது?

இப்போது அந்தக் கண்ணாடிக் குவளைக்கு வருவோம். புதுச்சேரியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லறைத் திருநாளுக்கு ஏற்றி மிஞ்சிய மெழுகுத் துண்டுகளைச் சேர்த்து, ஒரு பாத்திரத்தில் போட்டு, கொதிநீரில் வைத்து உருக்குகிறார்கள். (நேரடி அடுப்புத் தீயில் உருக்க வேண்டாம், அளவுக்கு மேல் சூடான மெழுகு ஆவி பற்றிக்கொள்ளும்.) நிறத்துக்காகப் பிள்ளைகளின் உடைந்த கிரேயான் இரண்டு போடுகிறார்கள். 7 சென்டிமீட்டர் அகலமுள்ள குவளை. திரிக்கு, பூஜைக் கடையில் வாங்கிய பஞ்சுத் திரி. இறுகியதும் ஏற்றினால் முதலில் அழகாக எரிகிறது, அரை மணியில் சுருங்குகிறது, அப்புறம் அணைகிறது.

இங்கே மூன்று தவறுகள் ஒன்றாக நடந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் சுடரை வேறு வழியில் அணைக்கும்.

குழி. உருகிய பாரஃபின் இறுகும்போது கன அளவில் பத்து சதவீதத்துக்கு மேல் சுருங்கும். குவளையின் ஓரம் முதலில் இறுகும், நடு கடைசியில் இறுகும். அதனால் சுருக்கம் முழுவதும் நடுவில் ஒரு குழியாகத் தெரியும், சரியாகத் திரியைச் சுற்றி. குழியின் அடியிலிருந்து பார்த்தால் திரி அரை அங்குலம் நிற்கிறது, போதும் என்று தோன்றும். ஏற்றிய பிறகு சுற்றியுள்ள மேடு உருகிக் குழிக்குள் வழிந்து நிரப்பும். திரியில் வெளியே மிஞ்சுவது இரண்டு மில்லிமீட்டர். ஆவியாக இடமே இல்லாமல் சுடர் மூழ்கிவிடும். இதற்காகத்தான் மெழுகுவத்தி செய்பவர்கள் முதல் ஊற்றல் இறுகிய பிறகு குழியில் மறுபடி ஊற்றி நிரவுகிறார்கள்.

கிரேயான். மரக்காணம் உப்பளத்தில் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கடல்நீர் பாத்திக்கு வந்துகொண்டே இருக்கிறது; தண்ணீர் ஆவியாகப் போய்விடுகிறது; உப்பு போக வழியின்றி அங்கேயே தங்குகிறது. திரியின் உச்சியும் ஒரு பாத்திதான். மெழுகு வருகிறது, ஆவியாகப் போகிறது. கிரேயானின் வண்ணத்தூள் கரையாத திடப்பொருள், ஆவியாகாது. நூறு கிராம் மெழுகில் ஒரு கிராம் தூள் இருந்தால்கூட, மணிக்கு 6 கிராம் எரியும் திரியில் ஒரு மணி நேரத்தில் 60 மில்லிகிராம் தூள் வந்து சேரும். வெளியே நிற்கும் திரித் துண்டின் எடையே சில மில்லிகிராம்தான். புழைகள் அடைபடாமல் என்ன செய்யும்? மெழுகுவத்திக்கென்று விற்கும் சாயம் மெழுகில் கரைவது, கிரேயான் அப்படியில்லை.

பஞ்சுத் திரி. அகல் விளக்கில் திரி விளிம்பில் சாய்ந்து படுத்திருக்கும். நிற்க வேண்டிய அவசியமே இல்லை. குவளையில் அது தனியாக நிற்க வேண்டும். லேசாக உருட்டிய பஞ்சு சூடான மெழுகில் துவண்டு குளத்துக்குள்ளேயே சாய்ந்துவிடும். பின்னல் இல்லாததால் நுனியும் ஒழுங்காக வளைந்து உதிராது.

எது குற்றவாளி என்று பார்க்க ஒரு வரிசை இருக்கிறது:

1. சுடர் சுருங்க ஆரம்பித்ததும், அணையும் முன்பே, உருகிய மெழுகில் ஒரு கரண்டி அளவு எடுத்துவிடுங்கள். உடனே சுடர் நிமிர்ந்து அப்படியே நின்றால் மூழ்கியதுதான் காரணம். குழியை நிரவாமல் விட்டது.
2. எடுத்த பிறகும் நிமிரவில்லையா? அணைத்து, ஆறவிட்டு, திரியின் கருகிய நுனியை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெட்டி மறுபடி ஏற்றுங்கள். கொஞ்ச நேரம் நன்றாக எரிந்து மறுபடி மங்கினால் அடைப்பு. வெட்டிய நுனியை விரலில் தேய்த்தால் கரியோடு வண்ணமும் நறநறப்பும் தெரியும். கல்லறையிலிருந்து எடுத்து வந்த துண்டுகளில் மணல் இருந்தாலும் இதே கதைதான்; உருக்கியதும் துணியில் வடிகட்டியிருக்க வேண்டும்.
3. இரண்டும் இல்லை, திரி நிற்கவே மாட்டேன் என்கிறது என்றால் திரியை மாற்றுவதைத் தவிர வழியில்லை. பின்னிய திரியை முதலில் உருகிய மெழுகில் தோய்த்து, குமிழி வருவது நின்றதும் எடுத்து, நேராக இழுத்துப் பிடித்து இறுகவிட்டுப் போட வேண்டும். வெளிவரும் குமிழி, புழைகளில் இருந்த காற்று. காற்று இருக்கும் இடத்தில் மெழுகு தொடர்ந்து ஏறாது.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: குவளைக்குப் பொருந்தாத தடித்த திரி. சுடர் நீண்டு ஆடும், கண்ணாடியின் விளிம்பு கறுக்கும், திரி நுனியில் காளான் குடைபோல் கரி திரளும். வருகிற மெழுகு எரிகிற மெழுகைவிட அதிகம் என்று அர்த்தம். ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும் திரியை 5 அல்லது 6 மில்லிமீட்டருக்கு வெட்டிவிட்டால் பெரும்பாலும் அடங்கும்.

## நனைந்தது ஏன் பொரிகிறது?

மெழுகுக்குள் தண்ணீர் போகாது. ஆனால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெறும் பஞ்சு நுனி தண்ணீரை உறிஞ்சும். மெழுகை ஏற்றும் அதே புழைகள் தண்ணீரையும் ஏற்றிக்கொள்ளும். ஏற்றியதும் அந்தத் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகும். மெழுகு ஆவியாகவோ சில நூறு டிகிரி வேண்டும். உருகிய மெழுகுக்கு நடுவே ஒளிந்திருக்கும் நீர்த்துளி திடீரென்று ஆவியாகி வெடிப்பதுதான் படபடப்பு. துளி இருக்கும் இடத்தில் மெழுகின் ஓட்டமும் அறுந்துவிடுவதால் சுடர் ஏறி ஏறி இறங்கும். சில சமயம் பற்றவே பற்றாது.

தீக்குச்சி தீரும் வரை ஏற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. நனைந்த நுனியைக் காய்ந்த துணியால் பிழிந்து துடைத்துவிட்டு, எரியும் இன்னொரு மெழுகுவத்தியிலிருந்து இரண்டு சொட்டு உருகிய மெழுகை அந்தத் திரியின் மேல் விட்டு, அது இறுகும் முன் ஏற்றுங்கள். முதல் அரை நிமிடம் லேசாகப் பொரியும். அதற்குள் உள்ளே இருந்த ஈரம் போய், புழைகளில் மெழுகு தொடர்ச்சியாக நிரம்பிவிடும்.